டேர்போ என்றால் 95தானா? பெற்றோல் மூடி லேபிளைப் படித்துத் தெரிந்துகொள்வது எப்படி

திருகோணமலையில் 1000 சிசி டேர்போ கார் வைத்திருப்பவர்களுக்குச் செட்டிலும் கராஜிலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "டேர்போ வண்டி அண்ணை, 95தான் அடிக்கவேணும்." அப்படிச் சட்டமும் இல்லை, பொறியியல் விதியும் இல்லை. எந்த ஒக்டேன் தேவை என்பதைத் தீர்மானிப்பவர் காரைத் தயாரித்தவர். அவர் அதைப் பெற்றோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறார். சில டேர்போ கார்களுக்கு 92 தாராளமாகப் போதும். வேறு சிலவற்றுக்கு 95 கட்டாயம். உங்களுடையது எந்த வகை என்பது அந்த லேபிளில்தான் இருக்கிறது.

முதலில் செட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்போம். நம் நாட்டில் வழக்கமாகக் கிடைப்பவை 92, 95 என்ற இரண்டு பெற்றோல்கள். இரண்டுமே ஆர்.ஓ.என். என்ற அளவுமுறையில் சொல்லப்படுபவை. பெற்றோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டுச் சூடாகும்போது, தீப்பொறி பற்றவைத்த சுடர் வந்து சேரும் முன் தானாகவே வெடித்துவிடக்கூடாது. அப்படி வெடிப்பதைத்தான் நொக்கிங் என்கிறோம். அதை எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்ணே ஒக்டேன். 95இல் 92ஐவிடச் 'சக்தி' அதிகம் என்பது தவறான எண்ணம். அதில் இருப்பது கூடுதல் தாங்குதிறன்.

டேர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் நொக்கிங் ஆபத்து கூடும் என்பது உண்மை. ஆனால் என்ஜினை வடிவமைப்பவருக்கும் அது தெரியும். அதனால் பிஸ்டன் அழுத்தும் விகிதத்தை அவர் குறைத்துவிடுகிறார். டொயோட்டா ரூமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டேர்போ இல்லாத 1000 சிசி என்ஜினில் இந்த விகிதம் 12.5க்கு 1. டேர்போ உள்ளதில் 9.5க்கு 1 மட்டுமே. இரண்டுக்கும் ஜப்பானில் அடிப்பது ஒரே சாதாரணப் பெற்றோல். ரெய்ஸ் காரின் 1000 சிசி டேர்போவும் இதே குடும்பத்து என்ஜின்தான்.

இனி லேபிள். உப்புவெளியில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த ரெய்ஸ் டேர்போ ஒன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்தால் ஜப்பானிய எழுத்துத்தான், எண் எதுவும் இல்லை. அங்கே கேட்டறிய வேண்டியது ஒரே விஷயம்: எழுதியிருப்பது 'ரெகுலர்' என்றா, 'பிரீமியம்' அல்லது 'ஹை-ஒக்' என்றா? வாசிக்கத் தெரியாவிட்டால் லேபிளைப் படமெடுத்து, காரை இறக்கித் தந்தவருக்கு அனுப்பினால் சொல்லிவிடுவார். ரெய்ஸ் டேர்போவில் இருப்பது 'ரெகுலர்'. ஜப்பானியத் தரத்தில் ரெகுலருக்குக் குறைந்தபட்சம் ஆர்.ஓ.என். 89. நம் 92 அதைவிட 3 புள்ளி மேலே. எனவே இந்தக் காருக்கு 92 போதும், விஷயம் முடிந்தது. 95 அடித்தால் கெடுதி இல்லை, ஆனால் கொடுக்கும் காசுக்கு உணரக்கூடிய பலனும் இல்லை. விலை மாதாமாதம் மாறுவதால், லீற்றருக்கு 40 ரூபா வித்தியாசம் என்று வைத்துக் கணக்கிடுவோம். ரெய்ஸின் தாங்கி 36 லீற்றர். ஒருமுறை நிரப்ப 1440 ரூபா வீணாகக் கூடுகிறது.

லேபிளில் 'பிரீமியம்' என்றிருந்தால் கதை வேறு. ஜப்பானில் அதற்குக் குறைந்தபட்சம் 96. இங்கே அதற்கு மிக நெருங்கியது 95தான். ஆகவே அதையே அடிக்க வேண்டும், 92 பக்கம் போகவே கூடாது.

ஐரோப்பியக் கார்களில் எண் நேராகவே இருக்கும். இறக்குமதி வரி சிசி கணக்கில் இருப்பதால் 1000 சிசி டேர்போ கொண்ட ஐரோப்பியக் கார்களும் இங்கே நிறைய வந்தன. அவற்றின் மூடியில் பெரும்பாலும் 95 என்று போட்டு, பக்கத்தில் ஆர்.ஓ.என். என்றோ, ஜேர்மன் வழக்கப்படி ஆர்.ஓ.இஸட். என்றோ இருக்கும். இரண்டும் ஒரே அளவுமுறை. 95 என்று மட்டும் இருந்தால் அதுதான் குறைந்தபட்சம். 95உடன், 'குறைந்தபட்சம் 91' என்றும் இருந்தால் 92இல் ஓடலாம், வலு கொஞ்சம் குறையும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறக்கூடும். வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்று போட்டிருப்பது ஒக்டேன் அல்ல. பெற்றோலில் எதனோல் அதிகபட்சம் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்பதைச் சொல்வது. ஐரோப்பாவில் 2018இலிருந்து புதிய கார்களில் இது ஒட்டப்படுகிறது. மற்றது இன்னும் முக்கியம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த காரில் அளவுமுறையே வேறு, ஏ.கே.ஐ. என்பார்கள். ஆர்.ஓ.என்.னைவிட அது 4, 5 புள்ளி குறைவாகக் காட்டும். அதில் 87 என்றால் நம் கணக்கில் 91 அல்லது 92. 91 என்றிருந்தாலோ, நம் கணக்கில் 95 அல்லது 96 ஆகிவிடும். '91தானே, 92 போதும்' என்று அடிப்பவர் குறைந்த ஒக்டேனில் ஓடிக்கொண்டிருப்பார்.

95 கேட்கும் காரில் 92 போனால் என்ன நடக்கும்? உடனே என்ஜின் உடையாது. நொக் சென்சர் அதிர்வை உணர்ந்ததும் கணினி தீப்பொறியைப் பிந்தவிடும், டேர்போ அழுத்தத்தையும் குறைக்கும். அதனால் இழுவை மந்தமாகும், பெற்றோல் செலவு கூடும். நிலாவெளிப் பக்கம் வெறுமையாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆவணி வெயிலில், ஏசி போட்டு, நாலு பேரும் சாமானுமாக மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போதுதான் தெரியும். அக்சிலரேட்டரை மிதித்ததும் உலோகம் உலோகத்தில் தட்டுவதுபோல் 'கிண்கிண்' என்று சத்தம் வந்தால், காலைத் தளர்த்தி ஒரு கியர் குறையுங்கள். அதே சத்தத்தோடு மிதித்துக்கொண்டே போவதுதான் பிஸ்டனைப் பதம் பார்க்கும்.

தவறி 92 அடித்துவிட்டாலும் தாங்கியைக் கழற்றிக் காலி செய்யத் தேவையில்லை. 20 லீற்றர் 92 உள்ளே இருக்க, மேலே 20 லீற்றர் 95 ஊற்றினால் சுமார் 93.5 ஆகும். அது 95 ஆகாது. ஆகவே அந்தத் தாங்கி முடியும்வரை மெதுவாக ஓட்டி, அடுத்த முறை 95 நிரப்புங்கள்.

ஒக்டேன் கூட்டினாலும் தீராத ஒரு சிக்கலும் உண்டு, இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பெற்றோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் சிறிய டேர்போ என்ஜின்களில், குறைந்த சுழற்சியில் ஓங்கி மிதித்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதுண்டு. என்ஜின் ஒயிலின் துளிகள் உள்ளே சேர்வது அதற்கு ஒரு முக்கிய காரணம். தீப்பொறிக்கு முன்பே பற்றுவதால், தீப்பொறியைப் பிந்தவிட்டுத் தடுக்கவும் முடியாது. 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தர ஒயில் இதையும் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. கார் தயாரிப்பாளர் சொன்ன தடிப்பில் அந்தத் தர ஒயிலை வாங்கி, நேரத்துக்கு மாற்றுங்கள். தேவையில்லாத 95க்குப் போகும் காசு இதற்குப் போகட்டும்.

செட்டில் உங்கள் உரிமை எளிமையானது. 95க்குக் காசு கொடுத்தால் 95தான் வர வேண்டும். நிரப்பத் தொடங்கும் முன் எந்தக் குழாயை எடுக்கிறார் என்று பாருங்கள், திரையில் லீற்றர் விலையைப் பாருங்கள். 92இன் விலை காட்டினால் அப்போதே நிறுத்தச் சொல்லலாம். நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தர வேண்டும், அதில் பெற்றோலின் வகையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தாலோ, வகையை மாற்றி அடித்தாலோ, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அப்போது செட் இருக்கும் இடம், நேரம், எந்தப் பம்ப் என்ற விவரங்கள் கையில் இருக்கட்டும்.