×400 என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து படிவம் 4 மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பயிற்சித்தாளில் வெங்காயத் தோல் உயிரணுவின் படம் இருக்கிறது. கீழே ×400 என்று போட்டிருக்கிறது. மூலையில் ஒரு கோடு, அதன் மேல் 100 µm. இரண்டு வழியிலும் கணக்குப் போட்டால் இரண்டு விடை வருகிறது. எது சரி?"

கோடுதான் சரி. அவர் அனுப்பிய அளவுகளையே எடுத்துக்கொள்வோம். அடிக்கோலில் உயிரணுவின் நீளம் 62 மில்லிமீட்டர், அதாவது 62,000 மைக்ரோமீட்டர். அதை 400-ஆல் வகுத்தால் 155. கோட்டின் நீளம் 25 மில்லிமீட்டர். அது 100 மைக்ரோமீட்டரைக் குறிக்கிறது என்றால், 62-ஐ 25-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க 248 மைக்ரோமீட்டர் வருகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? ×400 என்பது நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்தவருக்கு உரிய எண்: கண்ணருகு வில்லை 10, பொருளருகு வில்லை 40. படம் பிடித்து, புத்தகத்தில் அச்சடித்து, நகல் கடையில் சுருக்கி எடுத்த பிறகு அந்த எண்ணுக்கும் தாளில் இருக்கும் படத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. கோடு அப்படியல்ல. அது படத்துக்குள்ளேயே வரையப்பட்டிருப்பதால், உயிரணு சுருங்கினால் அதுவும் அதே விகிதத்தில் சுருங்கும். அதே படத்தைக் கைப்பேசியில் திறந்து அளந்து பாருங்கள். கோடு 14, உயிரணு 35 என்று வந்தால் விடை 250. அரை மில்லிமீட்டர் முன்பின் படித்ததால் வந்த 2 மைக்ரோமீட்டர் வித்தியாசம் அது, வேறொன்றுமில்லை. அந்தத் தாளின் உண்மையான உருப்பெருக்கமும் கோட்டிலிருந்தே கிடைத்துவிடும்: 25,000-ஐ 100-ஆல் வகுத்தால் 250 மடங்கு. 400 இல்லை.

அளப்பதில் ஒரு நுணுக்கம். கோடு குட்டையாக இருந்தால் பிழை பெரிதாகும். 25 மில்லிமீட்டர் கோட்டில் அரை மில்லிமீட்டர் தவறினால் 2 விழுக்காடு போகும். 5 மில்லிமீட்டர் கோட்டில் 10 விழுக்காடு போய்விடும். அதனால் படத்தை முதலில் பெரிதாக்கிக்கொண்டு அளப்பது நல்லது. வெங்காயத் தோலில் பக்கத்து உயிரணுக்கள் ஒட்டியே இருப்பதால் சுவர் எங்கே முடிகிறது என்ற குழப்பம் வரும். சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவுக்கு அளக்கவேண்டும். அகலத்துக்கு ஒன்றை மட்டும் அளக்காமல், வரிசையாக ஐந்தைச் சேர்த்து அளந்து வகுத்துக்கொள்ளலாம். ஐந்தும் சேர்ந்து 65 மில்லிமீட்டர் என்றால் ஒன்று 13, அதாவது 52 மைக்ரோமீட்டர்.

கோடும் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. பயிற்சித்தாள் தட்டச்சு செய்பவர் இடம் போதவில்லை என்று படத்தின் பக்கவாட்டு விளிம்பை மட்டும் பிடித்து இழுத்துவிடுவார். படுக்கைவாட்டில் இருக்கும் கோடு நீளும். நின்றவாக்கில் இருக்கும் உயிரணு நீளாது. விடை குறைந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க, நுண்ணோக்கிப் பார்வையின் வட்ட விளிம்பு படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். அது முட்டை வடிவமாக இருந்தால், கோடு கிடக்கும் திசையில் உள்ள அளவுகளை மட்டும் நம்பலாம். இப்படி இழுத்த படத்தைத் தேர்வுத் தாளில் போட்டுவிட்டு மாணவரிடம் துல்லியம் கேட்பது நியாயமில்லை.

கோட்டைப் போட்டவரே தவறுவதும் உண்டு. ஒரு மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்த அளவுச் சில்லை ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் தனித்தனியே வைத்துப் பார்த்துத்தான் கோட்டின் நீளத்தை முடிவுசெய்ய வேண்டும். 10 வில்லைக்குப் பார்த்ததை 40 வில்லைப் படத்தில் ஒட்டினால் எல்லாமே நான்கு மடங்கு பெரிதாக வரும். இரத்தப் படம் என்றால் இது உடனே தெரிந்துவிடும்: மனிதச் சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர்தான். உங்கள் கணக்கில் 30 வந்தால், தப்பு உங்களுடையதல்ல.

அந்தச் சிவப்பணுவையே கோடில்லாத படத்துக்குக் கோடாக வைத்துக்கொள்ளலாம். தோட்டப்புற மண்டபங்களில் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, "இதோ நெளிகிறது பாருங்கள், புழு" என்று சொல்லி மருந்துத் தண்ணீர் விற்பவர்களிடம் அளவுகோடு இருக்காது. பக்கத்தில் கிடக்கும் சிவப்பணுக்களை அடுக்கிப் பாருங்கள். யானைக்கால் நோய் தரும் புருகியா மலாயி புழுவின் இளம் உயிர் சுமார் 200 மைக்ரோமீட்டர் நீளம். இருபத்தைந்து சிவப்பணுக்களுக்கு மேல் வரிசையாக வைத்தால்தான் அதன் நீளம் வரும். திரையில் நெளிவது மூன்று அணு நீளம்கூட இல்லையென்றால் அது அந்தப் புழுவாக இருக்க வழியில்லை.