மணிக்கூடு எச்சரித்தது, ஈசிஜி நோர்மல்: எதை நம்புவது?

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வயது 68. பல வருடமாக பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய ஸ்மார்ட் மணிக்கூடு ஒரு நாள் இரவு 9 மணிக்கு "இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருக்கலாம்" என்று காட்டியது. எனக்குத்தான் முதலில் அழைத்தார்.

நெஞ்சு நோகுதா, மூச்சு வாங்குதா, தலை சுற்றி விழப் பார்த்தீர்களா, பேச்சுக் குழறுதா, ஒரு பக்கக் கையோ முகமோ சோர்ந்து கிடக்குதா என்று கேட்டேன். இதில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்சை உடனே கூப்பிட்டிருப்போம். ஒன்றும் இல்லை என்றார். அப்படியென்றால் நாடியைப் பார்ப்போம் என்றேன். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தார். துடிப்பு ஒரே சீராக இருந்தது. அடுத்த நாள் எடுத்த ஈசிஜியும் நோர்மல்.

"அப்ப மணிக்கூடு பிழைதானே?" என்றார். பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

மணிக்கூட்டின் அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய், ஒவ்வொரு துடிப்புக்கும் கையில் இரத்தம் ஏறி இறங்குவதை அளக்கிறது. அது இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்ப்பதில்லை. துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம் சீராக இருக்கிறதா என்பதை மட்டுமே கணக்கிடுகிறது. கை ஆடினாலோ பட்டி தளர்ந்திருந்தாலோ கணக்கு குழம்பும் என்பதால், நாம் அசையாமல் இருக்கும் நேரம் பார்த்து ஒரு நிமிட அளவில் பதிவு எடுக்கும். அதையும் ஒரே பதிவோடு நம்பிவிடாது. அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 48 மணி நேரத்துக்குள் எடுத்த 6 பதிவுகளில் 5 ஒழுங்கற்றிருந்தால்தான் மணிக்கூடு வாய் திறந்தது. அதாவது, எச்சரிக்கை வரும்போது அது சொல்லும் சம்பவம் ஏற்கெனவே முடிந்திருக்கலாம். சித்தப்பாவின் நாடி சீராக இருந்ததில் வியப்பில்லை.

அந்த ஆய்வில் எச்சரிக்கை பெற்றவர்களுக்கு, நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு மட்டுமே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்கும் நிலை அது. ஆனால் பட்டை நெஞ்சில் இருக்கும்போதே மணிக்கூடு மறுபடி எச்சரித்த தடவைகளில் 84 சதவீதம் அதுவேதான். எனக்கு இந்த இரண்டு எண்களும் முக்கியம். இந்த நோய் சிலருக்கு வந்து வந்து போகும். போன பிறகு எடுக்கும் ஈசிஜி நோர்மலாகத்தான் இருக்கும். மறுபக்கம், இடையிடையே துள்ளும் சாதாரண மிகைத்துடிப்புகளும் மணிக்கூட்டை ஏமாற்றும். ஆகவே எச்சரிக்கையை மட்டும் வைத்து மருந்து தொடங்கக்கூடாது. ஒரு ஈசிஜி தாளில் அந்தத் தாளத்தைப் பிடித்தே ஆகவேண்டும்.

24 மணி நேரமும் விடாமல் ஈசிஜி பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் போட்டோம். அதிலும் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு நாள்தானே, அதைச் சுத்தமான சான்றிதழாக நான் எடுக்கவில்லை. சித்தப்பாவிடம் சொன்னது இதுதான்: மறுபடி எச்சரிக்கை வந்தால் உட்கார்ந்து நாடியைப் பாருங்கள். தாறுமாறாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், டொக்டரை சனல் பண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பக்கத்து மருத்துவமனைக்குப் போய் அப்போதே ஈசிஜி எடுங்கள். சில மணிக்கூடுகளில், அது அனுமதிக்கப்பட்ட நாடுகளில், விரலை வைத்து 30 விநாடி ஈசிஜி எடுக்கலாம். அவருடையதில் அந்த வசதி இல்லை. (இருந்தாலும் அது மாரடைப்பைக் காட்டாது. நெஞ்சு நோவோடு அதைப் பார்த்துக்கொண்டு இருக்கவே கூடாது.)

மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எச்சரிக்கை. நாடி இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று கைக்கே எட்டாமல் அடித்தது. ஓட்டோ பிடித்துப் போய் 20 நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார். துடிப்புக்கு முன்னால் வரவேண்டிய 'பி' அலை எங்கேயும் இல்லை, இடைவெளிகள் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான்.

நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அந்த ஆபத்தை மருத்துவர்கள் புள்ளி போட்டு அளக்கிறார்கள். சித்தப்பாவுக்கு 65ஐத் தாண்டிய வயதுக்கு 1, பிரஷருக்கு 1, மொத்தம் 2. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்க அது போதும். அவரோ முதல் எச்சரிக்கை வந்த நாளிலிருந்தே வீட்டில் இருந்த அஸ்பிரினைப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வகைக் கட்டியைத் தடுக்க அஸ்பிரின் உதவாது, இரத்தம் கசிவதற்கு மட்டும் வழி செய்யும். மருந்து எழுதுமுன் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு நன்றாகச் சுருங்கியிருந்தால் உறைவதைத் தடுக்கும் புதிய வகை மருந்துகள் சரிவராது, பழைய மருந்தான வார்ஃபரின்தான் கொடுக்கவேண்டும். வால்வு நன்றாக இருந்தது. தைரொய்ட் சோதனையும் சரி.

இப்போது புதிய வகைக் குளிசையைக் காலையும் இரவும் எடுக்கிறார். அஸ்பிரினை நிறுத்தியாயிற்று. முழங்கால் நோவுக்கு பாமசியில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். இந்த மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம்.