மேலாளரின் கிண்டல் மின்னஞ்சலுக்குள் போகலாமா?

மேலாளர் குழு அரட்டையில் தட்டிவிடுவதை மின்னஞ்சலாகத் திருத்தி எழுதும் வேலையில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அவர் நகைச்சுவையை எடுத்துவிட்டால் சப்பென்று இருக்கிறது. விட்டுவைத்தால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?"

2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. மாணவர்களை இருவர் இருவராக வைத்து, ஒருவரைச் சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்லச் சொன்னார்கள். எது எந்த ரகம் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். சொன்னவர்கள் தாங்கள் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படுவோம் என்று நம்பினார்கள். குரலில் சொன்னபோது 73 கிடைத்தது. மின்னஞ்சலில் 56தான். படிக்காமலே ஊகித்தாலும் 50 வரும்.

எழுதுபவருக்குத் தன் வாக்கியம் மனத்துக்குள் குரலோடு கேட்கிறது. படிப்பவருக்குப் போய்ச் சேருவது எழுத்து மட்டும். அந்தக் குரலும் சேர்ந்து போய்விட்டதாக எழுதியவர் நம்பிவிடுகிறார். அந்த ஆய்விலேயே இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. தாங்கள் நினைத்த தொனிக்கு நேர்மாறான தொனியில் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தவர்களுக்கு அந்த அதீத நம்பிக்கை குறைந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் இது அப்படியே பயன்படும். மேலாளரின் வரியைச் சிடுசிடுத்த குரலில் ஒரு முறை படியுங்கள். அந்தக் குரலிலும் வரி யாரையும் குத்தவில்லை என்றால் தங்கலாம். சிரிப்பு முழுவதும் குரலில்தான் இருந்தது என்று தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். சொல்லுக்கு நேர்மாறாகப் பொருள்கொள்ள வேண்டிய 'ஆஹா, பிரமாதம், சர்வர் மறுபடி படுத்துவிட்டது' வகை எப்போதும் இங்கேயே தோற்கும்.

அரட்டையில் மட்டும் அது எப்படிப் புரிந்தது? மேலே பத்து செய்திகள் இருந்தன. படித்தவர்கள் அதே பேச்சில் இருந்தவர்கள். 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின்னணு அறிவிப்புப் பலகையில், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒரு வேடிக்கை எச்சரிக்கை வந்தது. முந்தைய இயற்பியல் அரட்டையைப் படிக்காத சிலர் அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்த விவாதத்தில்தான் ஸ்காட் ஃபால்மன் :-) குறியை முன்மொழிந்தார். ஆனால் அந்தக் குறி "இது வேடிக்கை" என்று மட்டுமே சொல்லும். யாரை வைத்து வேடிக்கை என்ற காயத்தை ஆற்றாது. கடைசியில் ஒரு சிரிப்பு முகம் போட்டால் எதுவும் சரியாகிவிடும் என்பது அலுவலக மூடநம்பிக்கை.

ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம்:

"மக்களே, வெள்ளி ராத்திரி 10 மணிக்கு ரிலீஸ். பிரியாணி என் கணக்கு, பக் உங்க கணக்கு. போன தடவை மாதிரி கார்த்தி தூங்கிட்டா ரோல்பேக் பண்ண ஆள் இல்ல. அலர்ட் வந்தா டீ குடிச்சிட்டு வந்து பாக்கலாம்னு விடாதீங்க. லாக் சரியில்லன்னா திங்கக்கிழமை யாருக்கும் லீவு கிடையாது 😄"

ஒவ்வொரு வேடிக்கையையும் அப்படியே நிஜமாக எடுத்துக்கொண்டால் படிப்பவர் என்ன செய்வார்? டீ வரியை நம்புபவர் அலர்ட்டை உடனே பார்ப்பார், அதுவே தேவை. தங்கட்டும். பிரியாணி ஒரு வாக்குறுதி. இரவு உணவு ஏற்பாடு என்று எழுதலாம். 'பக் உங்க கணக்கு' என்பதை நம்பினால் பிழைக்கு மேலாளர் பொறுப்பில்லை என்றாகும். நீக்க வேண்டும்.

கார்த்தி வரியில் கவனம் தேவை. பெயர் போயே ஆக வேண்டும். மின்னஞ்சல் ஆறு மாதம் கழித்து வேலை மதிப்பீட்டின்போதும் தேடலில் வரும். ஆனால் வரியை மொத்தமாக வெட்டினால், போன முறை ரோல்பேக்குக்கு ஆள் இல்லாமல் போன தகவலும் சேர்ந்து போய்விடும். கேலிக்குள் ஒரு நிஜமான பிரச்சினை ஒளிந்திருப்பது அடிக்கடி நடப்பது. அதை வெளியே எடுத்து வேலையாக மாற்ற வேண்டும். திருத்தியது இப்படி வரும்:

"வெள்ளி இரவு 10 மணிக்கு ரிலீஸ். இரவு உணவு ஏற்பாடு செய்யப்படும். ரோல்பேக்குக்கு இருவர் விழித்திருக்க வேண்டும். பெயர்களை வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். அலர்ட் வந்தால் உடனே பாருங்கள், டீ காத்திருக்கும்."

டீ தனியாக, வேலையைச் சொன்ன பிறகு நிற்பதைக் கவனியுங்கள். நேரமோ எண்ணோ இருக்கும் துணுக்குக்குள் வேடிக்கையைச் செருகினால், அந்த எண்ணும் வேடிக்கையோ என்ற சந்தேகம் வரும்.

விடுப்பு வரியைத் திருத்துபவர் தானாக முடிவு செய்யக் கூடாது. விடுப்பைத் தரவும் மறுக்கவும் அதிகாரம் உள்ளவர் எழுதியது அது. திங்கட்கிழமை விடுப்பு ஏற்கெனவே வாங்கியவர் ஊருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யக்கூடும். "லீவு விஷயம் நிஜமா சார்? இல்லன்னா எடுத்துடறேன்" என்று அனுப்புவதற்கு முன் கேட்டுவிடுவதே சரி. நிஜம் என்றால் அது சிரிப்பு முகமில்லாமல், காரணத்தோடு, தனிப் பத்தியாக வர வேண்டும்.