‘மீட்டமை’ வேண்டாம், ‘மீட்டெடு’ போதும்

“அண்ணா, மீட்டமைக்கச் சொல்லுது. மீட்டமைச்சா இப்ப உள்ள ஃபைல் எல்லாம் போயிடாதா?”

ஜூலை 1 அன்று எங்கள் அலுவலகத் தம்பி போனில் கேட்ட கேள்வி இது. நாங்கள் 14 பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்குக்கு நான் நிர்வாகி. நான் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்ள அந்தத் தம்பிக்கும் நிர்வாகி உரிமை கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவான ஷேர்டு டிரைவில் இருந்த விலைப்பட்டியல் ஃபோல்டர் காணாமல் போய்விட்டது. அவர் ஜூன் 29 அன்றே தமிழில் ஒரு வழிகாட்டியைத் தேடிப் படித்திருக்கிறார். அதில் ‘தரவை மீட்டமை என்பதை அழுத்தவும்’ என்று இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம்தான் ரூட்டரை ‘மீட்டமைத்து’, வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, திரும்ப முதலிலிருந்து போட்டிருந்தார். கை வருமா? இரண்டு நாள் அழுத்தாமலே இருந்துவிட்டார்.

பயந்ததில் அவர் தவறு எதுவும் இல்லை, அந்தச் சொல்தான் தவறு.

அந்தப் பொத்தானுக்கு ஆங்கிலத்தில் ரெஸ்டோர் என்று பெயர். அது லத்தீன் ‘ரெஸ்டௌராரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பழுதானதைச் சீராக்குவது, இழந்ததைத் திரும்பத் தருவது என்று அதற்கு இரண்டு பொருளும் உண்டு. பழைய கோயிலைச் சீரமைப்பதற்கும் ரெஸ்டோர்தான், அழிந்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் ரெஸ்டோர்தான். நமக்கு வேண்டியது இரண்டாவது பொருள்.

அந்தப் பொருளுக்குத் தமிழில் பழுத்த சொல் இருக்கிறது. மீள் என்றால் திரும்பி வருவது. தானே திரும்பினால் மீண்டான், இன்னொன்றைத் திரும்பக் கொண்டுவந்தால் மீட்டான். ‘வெட்சி நிரை கவர்தல், மீட்டல் கரந்தையாம்’ என்று பள்ளியில் படித்திருப்போம். பகைவர் கவர்ந்துபோன மாடுகளைத் திரும்ப ஓட்டி வருவதுதான் அந்த மீட்டல். மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் இறந்தவனுக்கு நட்ட கல்லில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வெட்டினார்கள். இன்றும் அடகுக் கடையில் நகையை மீட்கிறோம். எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே: நம்முடையது கைவிட்டுப் போனது, அது அப்படியே திரும்பி வருகிறது. மீட்ட மாடு புது மாடு இல்லை. மீட்ட நகையை ஆசாரி உருக்கிச் செய்வதும் இல்லை.

இதோடு ‘எடு’ சேர்ந்தால் மீட்டெடு. ‘அமை’ சேர்ந்தால் மீட்டமை. இரண்டுமே இலக்கணப்படி சரி. மீட்டமை என்பதற்கு வாதாடுகிறவர்கள், ‘மீட்டு, பழைய இடத்திலேயே அமைப்பது என்ற முழுப் பொருளும் இதில் வருகிறதே’ என்பார்கள். சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சொல் தனியாக வாழ்வதில்லை. ‘கடவுச்சொல்லை மீட்டமை’ என்று எத்தனை திரைகளில் பார்க்கிறோம்! அங்கே அதற்கு என்ன பொருள்? பழைய கடவுச்சொல் திரும்பி வராது, அது ஒழிந்து புதியது வரும். மீட்டமை என்பது ரீசெட்டுக்கு ஊன்றிவிட்டது. ரீசெட் இருப்பதை அழிக்கிறது, ரெஸ்டோர் அழிந்ததைக் கொண்டுவருகிறது. நேர் எதிரான இரண்டு செயலுக்கு ஒரே சொல்லை வைத்துவிட்டு, படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்பது நியாயமா?

சிலர் ரீசெட்டுக்கு ‘மீளமை’, ரெஸ்டோருக்கு ‘மீட்டமை’ என்று பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் அழகான பிரிப்பு. போனில் சொல்லிப் பாருங்கள். ‘மீளமைச்சியா, மீட்டமைச்சியா?’ என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன காதில் விழும்? தொலைவிலிருந்து ஒருவரை வழிநடத்தும் வேலைக்கு, வாயால் சொன்னாலும் பிரிந்து நிற்கிற சொற்கள் வேண்டும். ரீசெட்டுக்கு ‘முதல்நிலைக்குத் திருப்பு’ என்பது நீளம்தான், ஆனால் என்ன நடக்கும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ரெஸ்டோருக்கு மீட்டெடு.

இன்னொரு குழப்பமும் இந்தச் சொல்லால்தான். டிரைவில் ரெஸ்டோர் இரண்டு இடத்தில் இருக்கிறது. அழித்த ஃபோல்டர் முதலில் அந்த ஷேர்டு டிரைவுக்கே உரிய குப்பைக்குப் போய் 30 நாள் கிடக்கும். டிரைவின் பெயரை அழுத்தி, View trash திறந்து, ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து Restore கொடுத்தால் உள்ளே இருந்ததோடு பழைய இடத்துக்கு வந்துவிடும். நிர்வாகி தேவையே இல்லை. குப்பையையும் காலி செய்துவிட்டால், அந்த நாளிலிருந்து 25 நாளுக்குள் நிர்வாகி மட்டும் கொண்டுவரலாம். முதலாவதை ‘குப்பையிலிருந்து எடு’ என்றாலே போதும், பொருள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. கூகுளின் செயல்பாட்டுப் பதிவேடுகூட அந்த வேலையை Untrash என்றே குறிக்கிறது. இரண்டாவதுதான் உண்மையான மீட்டெடுப்பு. வழிகாட்டி எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் மீட்டமை என்று போட, தம்பி அரை மணி நேரம் காலியான குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஃபோல்டரை ஒருவர் ஜூன் 3 அன்று இடம் ஒழிக்கிறேன் என்று அழித்திருக்கிறார். ஜூன் 9 அன்று இன்னொருவர் குப்பையைக் காலி செய்திருக்கிறார். அதாவது ஜூலை 4 வரைதான் கெடு. நான் தம்பியிடம், “மீட்டமைன்னு இருக்கிறதை மறந்துடு, அடகு நகையை மீட்கிற மாதிரின்னு நினைச்சுக்கோ, இப்ப இருக்கிறது எதுவும் போகாது” என்றேன். நிர்வாகத் தளத்தில் Apps, Google Workspace, Drive and Docs, அதற்குள் Manage shared drives. அந்த டிரைவின் வரிசையில் ரெஸ்டோர் இருக்கும், அழுத்தினால் தேதி கேட்கும். அவர் ஜூன் 3 என்று பார்த்து, 25 நாள் தாண்டிவிட்டதே என்று பதறினார். கேட்கிற தேதி குப்பைக்குப் போன நாள் அல்ல, குப்பையிலிருந்தும் போன நாள். ஜூன் 8 முதல் 10 வரை கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஃபோல்டர் வந்தது. கூடவே அந்த நாட்களில் குப்பையிலிருந்து போன பழைய ஸ்கேன் நகல்களும் வந்தன. இந்த இடத்தில் ஒரு ஃபோல்டரை மட்டும் பொறுக்கி எடுக்க வழி இல்லை, தேதிக்குள் அடங்கிய எல்லாமே வரும். வேண்டாததைப் பிறகு அழித்தோம்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. பொத்தானை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காமல், சொற்பட்டியலில் ரெஸ்டோர் என்பதற்கு எதிரே இருப்பதை எடுத்துப் போடுகிறார்கள். தூய தமிழில் எழுதினோம் என்ற நிறைவு வேறு. நானும் தூய தமிழ் வேண்டும் என்கிறவன்தான். ஆனால் தமிழ்ச் சொல்லைப் படித்துவிட்டு, அதைவிட ஆங்கிலமே பாதுகாப்பு என்று ஒருவர் முடிவு செய்தால் நாம் தமிழுக்குச் செய்தது கெடுதல். தம்பி இப்போது வழிகாட்டிகளை ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்.

எங்கள் அலுவலகக் குறிப்பேட்டில் நானே மாற்றி எழுதிவிட்டேன்: குப்பையிலிருந்து எடு, 30 நாள். மீட்டெடு, குப்பை காலியான நாளிலிருந்து 25 நாள், நிர்வாகியிடம் சொல்லவும். ரூட்டர் பக்கத்தில்: முதல்நிலைக்குத் திருப்பு, எல்லாம் அழியும்.