யன்னல் ஊதவில்லை, பெயின்ற்தான் ஒட்டியிருக்கிறது

நல்லூர்த் திருவிழாவுக்கு வீடுகளுக்குப் பெயின்ற் அடித்து முடிய, ஐப்பசி மழையோடு எனக்கு அழைப்புகள் தொடங்கிவிடும். "யன்னல் ஊதிப்போச்சு அண்ணை, வந்து சீவித் தாங்கோ." கொக்குவிலில் ஒரு வீட்டில் நான் போவதற்கு முன்னரே அலவாங்கு வைத்து நெம்பியிருந்தார்கள். யன்னல் கதவின் கீழ்ச்சட்டம் பொருத்து விட்டுக் கழன்று, கண்ணாடியும் வெடித்திருந்தது. ஏசி போட்ட அறை என்பதால் பெயின்ற் அடித்த பிறகு அந்த யன்னலை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. கரண்ட் போன அன்றுதான் தேடியிருக்கிறார்கள்.

தயவுசெய்து எல்லாவற்றையும் மழையின் தலையில் போடாதீர்கள். ஊதிய கதவு ஏதோ ஓரிடத்தில்தான் இறுகும். அந்த இடத்தில் பெயின்ற் தேய்ந்து பளபளக்கும், தள்ளினால் மற்ற மூலை சற்றாவது அசையும், பங்குனி வெயிலில் தானாக இளகும். பெயின்ற் ஒட்டிய கதவு நாலு மூலையிலும் அசையாது. கதவுக்கும் நிலைக்கும் இடையில் கோடே தெரியாது. அதை ஊதல் என்று நினைத்துச் சீவினால், அடுத்த மாரிக்கு அந்த இடைவெளியால் தண்ணீர் உள்ளே வரும். பிறகு அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

முதலில் கொண்டிகளைப் பாருங்கள். பெயின்ற் மூடிய கொண்டியும், எப்போதோ அடித்த ஆணியும் பல தடவை ஆளை ஏமாற்றும். அப்புறம் புது பிளேட் போட்ட கத்தியால் கதவும் நிலையும் சேரும் கோட்டை மெதுவாக இரண்டு மூன்று தரம் கீறுங்கள். ஒரே இழுவையில் அழுத்தினால் கத்தி வழுகி மரத்தில் ஏறும், கையிலும் ஏறும். இரண்டு கதவும் சேரும் நடுக்கோட்டையும் பிணைச்சல் பக்கத்தையும் விட வேண்டாம். உள்ளே கீறினால் பாதி வேலைதான், வெளியிலும் கீற வேண்டும். மேல்மாடி யன்னல் என்றால் ஏணியில் தொங்காமல் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பிறகு பட்டி பூசும் மெல்லிய தகட்டை அந்தக் கோட்டில் வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிச் சுற்றி வாருங்கள். தகடு எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே பெயின்ற் இன்னும் பிடித்திருக்கிறது, திரும்பவும் கீறுங்கள். எல்லா இடமும் விட்டதும், கொண்டிப் பக்கச் சட்டத்தில் ஒரு மரத்துண்டை வைத்து, உள்ளிருந்து வெளியே, மேலும் கீழுமாகத் தட்டுங்கள். கண்ணாடியில் கை வைக்க வேண்டாம். சின்னதாக ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டால் கதவு விட்டுவிட்டது.

திறந்ததும் விளிம்பில் திரண்டிருக்கும் பெயின்றைச் சுரண்டி எடுங்கள். பழைய வீட்டுப் பெயின்றில் ஈயம் இருக்கலாம், அதனால் நனைத்துச் சுரண்டுங்கள். காய்ந்தபடி அரத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

பெயின்ற் அடிப்பவரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: கதவைத் திறந்து வைத்துத்தான் அடிக்க வேண்டும், நன்றாகக் காயும்வரை சாத்தக் கூடாது. அடுத்த சில நாட்களுக்குத் தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள்.