இரண்டாம் வாரத்தில் எடை குறையும் ஆண் குழந்தை: பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியும் உப்பிழப்பு நெருக்கடியும்

பிறந்து பதின்மூன்று நாளான ஓர் ஆண் குழந்தையை ஒரு மாலை நேரத்தில் என்னிடம் எடுத்து வந்தார்கள். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன். குழந்தையின் பிறப்பு எடை 3.1 கிலோ. பிரசவமும் சிக்கலில்லாமல் முடிந்திருந்தது. ஐந்தாம் நாள் எடை 2.95 கிலோ என்று அட்டையில் குறித்திருந்தார்கள். அது இயல்பானதுதான், ஏனெனில் முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவதும் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறப்பு எடைக்குத் திரும்புவதும் பெரும்பாலான குழந்தைகளிடம் காண்பதே. ஆனால் அன்று என் தராசு 2.55 கிலோ காட்டியது. எடை கூடத் தொடங்கியிருக்க வேண்டிய எட்டு நாட்களில் மேலும் 400 கிராம் போயிருந்தது.

"நாலு நாளா பால் குடிச்சதும் கக்கிடறான் டாக்டர். உரம் விழுந்திருக்கும்னு எடுத்துப் பாத்தோம். ஆனா ஒண்ணுக்கு நல்லாப் போறான், துணி நனைஞ்சிக்கிட்டேதான் இருக்கு" என்றார் பாட்டி. சிறுநீர் போகிறதே என்பதுதான் வீட்டாருக்கு இருந்த ஒரே ஆறுதல். எனக்கோ அந்த ஒரு சொல்தான் கவலை தந்தது. உச்சிக்குழி உள்வாங்கி, நாக்கு வறண்டு, கைகால் குளிர்ந்து கிடக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்திருக்க வேண்டும். உடலில் நீர் வற்றிய பிறகும் சிறுநீர் தாராளமாகப் போகிறது என்றால், சிறுநீரகத்தால் உப்பைப் பிடித்து வைக்க முடியவில்லை என்று பொருள். உப்பு வெளியேறும்போது தண்ணீரையும் உடன் இழுத்துச் செல்கிறது.

துணியை அவிழ்த்துப் பார்த்தேன். ஆணுறுப்பு இயல்பாக இருந்தது. விதைப்பையில் இரு விரைகளும் கைக்குத் தட்டுப்பட்டன. ஆனால் விதைப்பையும் மார்புக் காம்பைச் சுற்றிய தோலும் உடலின் நிறத்தோடு ஒட்டாத அளவுக்குக் கறுத்திருந்தன. "எங்க வீட்டு நிறம்தான்" என்றார் தந்தை. தாயிடம் முந்தைய பிரசவத்தைப் பற்றிக் கேட்டபோது, மூத்த ஆண் குழந்தை பதினெட்டாம் நாளில் வாந்தி வயிற்றுப்போக்கால் இறந்ததாகச் சொன்னார். கணவர் அவருடைய தாய்மாமன்.

பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற நோயை நினைக்க இவ்வளவு போதும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கொழுப்பிலிருந்து மூன்று வகை ஹார்மோன்களைச் செய்கின்றன. கார்டிசால் இரத்த அழுத்தத்தையும் குளுக்கோஸையும் தாங்கி நிற்பது. ஆல்டோஸ்டீரோன் சோடியத்தை உடலில் நிறுத்திப் பொட்டாசியத்தை வெளியேற்றுவது. மூன்றாவது வகை ஆண்மை ஹார்மோன்கள். முதல் இரண்டையும் செய்ய 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி தேவை; இந்நோயுள்ள நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 95 பேரிடம் குறைவுபடுவது இந்த நொதிதான். கார்டிசால் வரவில்லை என்று உணரும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலை மேலும் மேலும் தூண்டுகிறது. தூண்டத் தூண்டச் சுரப்பி பெருக்கிறது; நோயின் பெயர் அதிலிருந்து வந்ததே. பாதி வழியில் தடைபட்ட மூலப்பொருள் தேங்கி, திறந்திருக்கும் ஒரே வழியான ஆண்மை ஹார்மோன் பக்கம் திரும்பிவிடுகிறது. தோலைக் கறுக்கச் செய்வதும் பிட்யூட்டரியின் அந்த இடைவிடாத தூண்டல்தான்.

கருவில் இருக்கும்வரை உப்புச் சமநிலையைத் தாயின் உடல் நச்சுக்கொடி வழியாகப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே குழந்தை நலமாகப் பிறக்கிறது, அழுகிறது, பால் குடிக்கிறது, வீட்டுக்கும் போகிறது. இழப்பு அதன்பின் நாள்தோறும் சேர்கிறது. பெரும்பாலும் முதலில் பொட்டாசியம் ஏறுகிறது. அடுத்துச் சோடியம் இறங்குகிறது. எடை நின்று, பின் குறைகிறது. வாந்தியும் சோர்வும் கடைசியாகத்தான் வருகின்றன. நெருக்கடி பெரும்பாலும் முதல் வாரத்தின் முடிவுக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில், குறிப்பாக இரண்டாம் வாரத்தில் வெடிக்கிறது. நோயின் கடுமையான வடிவம் உள்ள குழந்தைகளில் சுமார் முக்கால் பங்கினர் இந்த உப்பிழப்பு வகையைச் சேர்ந்தவர்கள்.

பெண் குழந்தையிடம் நோய் பிறந்த அன்றே தன்னைக் காட்டிவிடுகிறது. மிகுதியான ஆண்மை ஹார்மோனால் பெண்குறிக் காம்பு பருத்தும், இதழ்கள் ஒட்டியும் இருக்கும். கருப்பையும் சினைப்பைகளும் முற்றிலும் இயல்பாகவே இருக்கும். மாற்றம் மிகக் கடுமையாக இருந்தால் அந்தப் பெண் குழந்தையை ஆண் என்றே பதிவு செய்துவிடும் ஆபத்து உண்டு. பார்வைக்கு ஆண் குழந்தையாகத் தெரிந்து, இரு விரைகளும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், குரோமோசோம் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்காமல் அக்குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆண் குழந்தையிடம் இப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை. தோலின் கருமை ஒன்றே தடயம். அதுவும் நம் நிறத்தில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். மூத்த குழந்தை என்ன நோயால் இறந்தது என்று யாருக்கும் தெரியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் இன்றும் எண்ணுகிறேன்.

இரத்தப் பரிசோதனையில் சோடியம் 118, பொட்டாசியம் 8.1, குளுக்கோஸ் 42 என்று வந்தது. சோடியம் 135-க்குக் குறையக் கூடாது. பச்சிளம் குழந்தைக்குப் பொட்டாசியம் சுமார் 6 வரை ஏற்கலாம். நம்மவர்கள் பலமுறை தவறும் இடம் இது. குதிகாலை அழுத்திப் பிழிந்து எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்வதுண்டு என்பதால், "மாதிரி கெட்டுவிட்டது" என்று அந்த எண்ணை ஒதுக்கும் பழக்கம் ஆய்வகத்திலும் வார்டிலும் இருக்கிறது. சோடியமும் கூடவே குறைந்திருந்தால் அப்படி ஒதுக்கக் கூடாது. மறுமாதிரி அனுப்பலாம், சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. கிருமித் தொற்று என்று கருதி ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து, பொட்டாசியம் கலந்த வழக்கமான குழந்தைகளுக்கான குளுக்கோஸ் நீரை ஏற்றினால், ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு அதுவே நஞ்சாகிவிடும். இரைப்பை வாயில் அடைப்பு என்று நினைத்து அறுவை மருத்துவரிடம் அனுப்பப்படும் குழந்தைகளும் உண்டு. அடைப்பால் வாந்தி எடுக்கும் குழந்தையிடம் பொட்டாசியம் குறைந்து இரத்தம் காரத்தன்மை அடையும். உப்பிழப்பில் பொட்டாசியம் ஏறி இரத்தம் அமிலத்தன்மை அடையும். ஒரே மாதிரியான வாந்தியை இரண்டாகப் பிரிப்பது இந்த ஒரு பரிசோதனைதான்.

17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்கும் மாதிரியை, கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மருந்தைக் கொடுக்கும் முன்பே எடுத்து வைத்தோம். அந்த நொதிக்கு முன்னால் தேங்கி நிற்கும் பொருள் அதுவே. ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கிலோவுக்கு 20 மி.லி. கணக்கில் ஏறத்தாழ 50 மி.லி. சாதாரண உப்புநீரும், குறைந்திருந்த சர்க்கரைக்கு 10 சதவீதக் குளுக்கோஸும், நரம்பு வழியாக 25 மி.கி. ஹைட்ரோகார்டிசோனும் கொடுத்தோம். இதயத் துடிப்பு வரைபடத்தில் அலைகள் கூர்மையாகியிருந்ததால் கால்சியமும் தேவைப்பட்டது. பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் தருவது மற்ற நோயாளிகளுக்கு வழக்கம். கார்டிசால் இல்லாத குழந்தைக்கு அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளிவிடும் என்பதால் நாங்கள் தவிர்த்தோம். உப்புநீரும் ஹைட்ரோகார்டிசோனுமே பெரும்பாலும் பொட்டாசியத்தை இறக்கிவிடுகின்றன. சோடியத்தையும் ஒரே இரவில் இயல்புக்குக் கொண்டுவர முயலவில்லை, ஏனென்றால் வேகமாக ஏற்றுவது மூளைக்குக் கேடு. மறுநாள் காலை அது 125 ஆக இருந்தது. பொட்டாசியம் 6-க்கு வந்திருந்தது. குழந்தை பசித்து அழுதது. மூன்றாம் நாள் வந்த ஹார்மோன் முடிவு, இயல்பைப் போல் பல மடங்கு உயர்ந்து நோயை உறுதி செய்தது.

வீட்டுக்குப் போகும்போது மூன்று பொருள்கள் உடன் போயின. ஹைட்ரோகார்டிசோன் வேளைக்கு 1 மி.கி. வீதம் மூன்று வேளை. ஆல்டோஸ்டீரோனுக்கு ஈடாக ஃப்ளூட்ரோகார்டிசோன் நாளுக்கு 0.1 மி.கி.; தாய்ப்பாலில் உப்பு மிகக் குறைவு என்பதால், எடைபோட்டுப் பொட்டலமாகக் கட்டிய 1 கிராம் சாப்பாட்டு உப்பு, நீரில் கரைத்து நாள் முழுவதும் பிரித்துக் கொடுக்க. இவை இந்தக் குழந்தையின் உடலளவுக்குக் கணக்கிட்டவை. வேறு குழந்தைக்குப் பொருந்தா. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை நீரில் முழுமையாகக் கரையாமல் அடியில் தங்கும் என்பதையும், நன்றாகக் கலக்கிய உடனே சிரிஞ்சில் எடுக்க வேண்டும் என்பதையும் தாயைச் செய்யச் சொல்லி நேரில் பார்த்த பிறகே அனுப்பினோம்.

அதைவிடக் கடினமானது, காய்ச்சல் நாளுக்கான பாடம். நலமான உடல் நோயுறும்போது கார்டிசாலைத் தானே பன்மடங்கு பெருக்கிக்கொள்ளும். இக்குழந்தையால் அது முடியாது. ஆகவே கடும் காய்ச்சலில் ஹைட்ரோகார்டிசோன் அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக்க வேண்டும். மருந்தையே வாந்தி எடுத்தாலோ எழுப்ப முடியாமல் துவண்டாலோ ஊசி மருந்தைத் தொடைத் தசையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். 100 மி.கி. குப்பியை 2 மி.லி. நீரில் கரைத்தால் அதில் அரை மி.லி. என்பது 25 மி.கி. இதைத் தந்தைக்குப் பொம்மையின் தொடையில் நான்கு முறை பழக்கினோம். எட்டாம் மாதத்தில் ஒரு நள்ளிரவு வாந்தியின்போது அவர் ஊசியைப் போட்டுவிட்டே வண்டி ஏறினார். குழந்தை வந்து சேர்ந்தபோது சோடியம் 133.

ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வில், ஏறத்தாழ 5,762 பேருக்கு ஒருவரிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. சென்னையில் மட்டும் அது 2,036 பேருக்கு ஒருவர். உறவுமுறைத் திருமணம் நம்மிடையே பரவலாக இருப்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை என்று என்னால் கருத முடியவில்லை. பிறந்த 48 முதல் 72 மணி நேரத்தில் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தம் போதும். குறைமாதக் குழந்தைகளிடம் முடிவு பொய்யாக உயர்ந்து வரக்கூடும் என்பதால் மறுபரிசோதனை தேவைப்படும். அது ஏற்கத்தக்க தொல்லையே.

நோயைத் தரும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். இருவருக்கும் நோய் இராது. அடுத்த ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தாய் மீண்டும் கருவுற்றபோது, அவருடைய பிரசவ அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன்: மூன்றாம் நாள் ஹார்மோன் பரிசோதனை, ஐந்தாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் எடை, சோடியம், பொட்டாசியம், முடிவு வரும்வரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.