சம்பவ நாளில் எத்தனை வயது?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அந்தத் தாய், மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுப்பவர். அதிகாலை வேலையை முடித்துவிட்டு, கையில் பூவின் மணம் போகாமலே பஸ் பிடித்து என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து மகனின் ஆதார் அட்டையையும், நான்காக மடித்த பள்ளி மாற்றுச் சான்றிதழையும் எடுத்து மேசையில் வைத்தார். ஆதாரில் பிறந்த தேதி 1.1.2007. மாற்றுச் சான்றிதழில் 21.5.2007. பையன் அப்போது மதுரை மத்திய சிறையில் இருந்தான்.

(சட்டத்துடன் முரண்பட்ட சிறுவரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. அதனால் ஊரையும் தேதிகளையும் மாற்றியே எழுதுகிறேன்.)

நடந்தது இதுதான். 2025 மே 3 இரவு, கோயில் முளைப்பாரி ஊர்வலத்தில் தகராறு. மூன்று பேர் கம்பால் அடித்ததில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. இருவர் வயது வந்தவர்கள், மூன்றாமவன் இந்தப் பையன். வழக்கு கொலை முயற்சிப் பிரிவில் பதிவானது. மாட்டுத்தாவணிப் பக்கம் பழக்கடை ஒன்றில் வேலைக்குப் போய்விட்ட பையனை ஜூன் 6 அன்றுதான் கைது செய்தார்கள். ஆதாரைப் பார்த்து வயது 18 என்று எழுதி, மற்ற இருவரைப் போலவே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 6 அன்று எந்தத் தேதிப்படி பார்த்தாலும் அவனுக்கு 18 முடிந்துவிட்டது. காவல் நிலையத்தில் இதையேதான் சொன்னார்கள். ஆனால் சட்டம் கைதான நாளைப் பார்ப்பதில்லை, நீதிமன்றத்தில் நிறுத்திய நாளையும் பார்ப்பதில்லை. குற்றம் நடந்த நாளைத்தான் பார்க்கிறது. இதில் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது உண்மை. 2000ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே, நீதிமன்றத்தில் நிறுத்திய நாளின் வயதுதான் கணக்கு என்றது. 2005இல் பிரதாப் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, சம்பவ நாள்தான் என்று முடிவு சொன்னது. இப்போதுள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் வரையறையிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிப் பதிவுப்படி மே 3 அன்று பையனின் வயது 17 ஆண்டு, 11 மாதம், 12 நாள். பள்ளித் தேதி நின்றால் அவன் சிறையில் இருந்திருக்கவே கூடாது.

அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்வியை இங்கே எழுத வேண்டும். "பதினெட்டு முடியாதவன் மேல் கேஸே கிடையாதாமே ஐயா, அப்படியானால் விட்டுவிடுவார்களா?" ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களும் இதையே நினைத்துத்தான் கொதிக்கிறார்கள். அது சரியல்ல.

குற்றப் பொறுப்புக்கான வயது ஒன்று, வயது வந்தவர் ஆகும் வயது மற்றொன்று. முதலாவது கேட்பது, "தான் செய்வது இன்னதென்று இந்தப் பிள்ளைக்குப் புரியுமா?" என்பதை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவுப்படி ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்வது எதுவும் குற்றமல்ல. 21ஆம் பிரிவுப்படி ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருந்தால், செயலின் தன்மையையும் விளைவையும் எடைபோடும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். மேலூர்ப் பக்கம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்துவிட்டான். பக்கத்துத் தொழுவத்தில் கட்டியிருந்த பசு மாட்டுக்கும் காயம். தீப்பெட்டி சுடும் என்று அவனுக்குத் தெரியும். காற்றடித்தால் படப்பிலிருந்து தொழுவத்துக்குத் தீ தாவும் என்று தெரியுமா? அந்த இரண்டாவது கேள்விதான் சட்டத்தின் கேள்வி. அவனிடம் பேசிப் பார்த்தபோது, நெருப்பு "அங்கேயே நின்றுவிடும்" என்று நினைத்ததாகச் சொன்னான்.

பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் இந்த விலக்கு கிடையாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் குற்றப் பொறுப்பு உண்டு. அடித்தால் வலிக்கும், திருடினால் தப்பு என்பது அந்த வயதில் தெரியும். ஆனால் தெரிவது வேறு. கோபம் தலைக்கேறி, கூட்டத்தில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன்னைத் தடுத்துக்கொள்ளும் நிதானம் வேறு. நிலத்தை விற்கவும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடவும், வாக்களிக்கவும் சட்டம் பதினெட்டு வரை காத்திருக்கச் சொல்வது இந்த நிதானத்துக்காகத்தான். அதே காரணத்துக்காகத்தான், பதினெட்டுக்குக் கீழ் இருப்பவரைப் பொறுப்பாளி என்று சொன்ன பிறகும், பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் அனுப்பாமல் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புகிறது. பதினெட்டு என்பது குற்றமில்லை என்று சொல்லும் கோடல்ல. யார் விசாரிப்பது, விசாரித்து என்ன செய்வது என்பதைப் பிரிக்கும் கோடு.

முதல் கோட்டைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழு என்பது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் எழுதிய வயது. 2023இல் புதிய சட்டம் இயற்றியபோதும் அதை அப்படியே பெயர்த்து வைத்துவிட்டார்கள். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2019இல் குறைந்தது 14 ஆக்குங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பக்குவம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டு குழுமத்தின் முன் நான் நின்றிருக்கிறேன். அந்தக் கேள்வியே எழுந்திருக்கக் கூடாது.

இனி அந்தப் பையனின் வழக்கு. வயதை எதை வைத்து முடிவு செய்வது என்பதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனை இரண்டு ஆண்டு வரை முன்னே பின்னே போகும் என்பதால், பதினெட்டை ஒட்டி நிற்கும் பையனுக்கு அதனால் பெரிய உதவி கிடையாது. இந்த வரிசையில் ஆதார் எங்கேயும் இல்லை. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2024இல் சொல்லிவிட்டது. பதிவு முகாமில் வருடம் மட்டும் சொன்னால் ஜனவரி 1 என்று விழுந்துவிடும். நம் கிராமங்களில் ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள் இத்தனை பேர் இருப்பது அதனால்தான்.

மாற்றுச் சான்றிதழ் கையில் இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. தமிழ்நாட்டிலிருந்து போன யுவப்பிரகாஷ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் 94ஆம் பிரிவு கேட்கும் ஆவணமல்ல என்று சொல்லிவிட்டது. பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இல்லை. அதனால் அவன் முதன்முதலில் சேர்ந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கே போனோம். தலைமையாசிரியை பீரோவிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். ஓரம் கரையான் அரித்த பெரிய நோட்டு. 2012 ஜூன் மாதப் பக்கத்தில் அவன் பெயர், பிறந்த தேதி 21.5.2007, நீல மையில் பெற்றோர் கையெழுத்து. அதைப் பார்த்துப் பிறந்த தேதிச் சான்று எழுதிக் கொடுத்தார்.

இங்கே எதிர்த்தரப்பு நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டது. ஜூன் மாதம் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் காலத்தில் ஆசிரியர்களே மே மாதத் தேதி ஒன்றைப் போட்டுவிடுவது வழக்கம்தானே? வழக்கம்தான், மறுக்க முடியாது. ஆனால் ஐந்து வயதில் எழுதிய பதிவு, பதிமூன்று வருடம் கழித்து வரப்போகும் வழக்கை மனதில் வைத்து எழுதியதல்ல. அந்தப் பதிவு பொய் என்று காட்ட வேறு ஆவணமும் எதிர்த்தரப்பிடம் இல்லை.

மனுவை மாஜிஸ்திரேட் முன்பே 9ஆம் பிரிவின் கீழ்ப் போட்டோம். இதில் பலர் சறுக்குகிறார்கள். தாயின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் இணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பிரமாணப் பத்திரம் போதாது, சாட்சியம் வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தலைமையாசிரியை பதிவேட்டுடன் வந்து சாட்சி சொன்னார். விசாரணை முடியும்வரை பையனைச் சிறையிலிருந்து எடுத்துப் பாதுகாப்பு இடத்தில் வைக்க வேண்டும் என்றும் கேட்டோம். மூன்றாவது வாய்தாவில் சம்பவ நாளில் அவன் சிறார் என்று மாஜிஸ்திரேட் பதிவு செய்து, அவன் வழக்கை மட்டும் பிரித்துக் குழுமத்துக்கு அனுப்பினார். பெரியவர்களோடு சேர்த்துச் சிறாரை விசாரிக்கக் கூடாது. இந்த உரிமையை வழக்கு முடிந்த பிறகும்கூட, எந்த நீதிமன்றத்திலும் எழுப்பலாம். ஆனால் பத்து வருடம் சிறையிலிருந்துவிட்டு எழுப்பி என்ன பயன்?

அடுத்து அவர்களைப் பயமுறுத்தியது இன்னொன்று. பதினாறு தாண்டியவனைப் பெரியவனாக விசாரிப்பார்களாமே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொடிய குற்றம் என்றால் அந்த வாய்ப்பு உண்டு. குழுமம் முதலில் அவனது மனப்பக்குவம், விளைவை உணரும் திறன், சூழ்நிலை ஆகியவற்றை மதிப்பிட்டு முடிவு செய்யும். ஆனால் கொடிய குற்றம் என்று சட்டம் சொல்வது, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ இருக்கும் குற்றங்களை. கொலை அதில் வரும். கொலை முயற்சிக்கு அதிகபட்சத் தண்டனை பெரியது, ஆனால் ஏழு ஆண்டு என்ற குறைந்தபட்சம் கிடையாது. ஆகவே அது கடுமையான குற்றம் என்ற வகையில்தான் சேரும், அந்த மதிப்பீட்டுக்கே இடமில்லை. 2020இல் ஷில்பா மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, 2021இல் சட்டத்திருத்தமும் வந்தது.

குழுமத்தின் அறை நீதிமன்றம் போல இருக்காது. மாஜிஸ்திரேட்டுடன் சமூகப் பணியாளர்கள் இருவர் அமர்ந்திருந்தார்கள். அடிபட்டவர் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை தெரியுமா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். பையன் தலை குனிந்து, தெரியாது என்றான். நாற்பது நாள் என்று அவர் சொன்னார். சிறையில் இருந்தவரை இதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. தாயின் பொறுப்பில் ஜாமீன் கிடைத்தது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் பழக்கடைக்கும் போய் அறிக்கை கொடுத்தார். நான்கு மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை, சாட்சிகள் வராததால் இரண்டு மாதம் நீட்டிக்கப்பட்டது. கம்பால் அடித்தது உண்மை என்று குழுமம் முடிவு செய்து, அவனை ஓராண்டு நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விட்டது. மாதம் ஒரு முறை மனநல ஆலோசனைக்கும் வரச் சொன்னது. சிறப்பு இல்லத்துக்கு அனுப்பியிருந்தாலும் மூன்று ஆண்டைத் தாண்டியிருக்க முடியாது. 24ஆம் பிரிவுப்படி, இந்த முடிவு நாளை அவன் அரசு வேலைக்குப் போவதைத் தடுக்காது.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை அவன் ஆலோசனைக்கு வருகிறான். அன்று கடையில் அரை நாள் கூலி பிடித்துக்கொள்கிறார்கள். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தவும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.